நாலு பேர் முன்னால் தீர்ந்த திருமணம், அரசுக் காகிதத்தில் தீரவில்லை

என் பெரியப்பா மத்திய அரசுத் துறை ஒன்றில் துப்புரவுப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் தெருவில் மாதாமாதம் உறுதியாகப் பணம் வந்த மூன்று நான்கு வீடுகளில் அவர் வீடும் ஒன்று. 2014இல் அவர் இறந்தார். குடும்ப ஓய்வூதியம் பெரியம்மாவுக்கு வந்தது. 2021 மே மாதம் பெரியம்மாவும் போய்விட்டார். அந்த மாதம் வரை வந்துகொண்டிருந்தது 10,530 ரூபாய். அந்த வீட்டில் மிச்சமிருந்தது என் அக்காவும் அவளுடைய மகளும்.

அக்காவுக்கு 2001இல் திருமணம் நடந்தது. அவள் கணவர் வேறொரு பெண்ணோடு வாழப் போனபின், 2006இல் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, தாலியைத் திருப்பிக் கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள். எங்கள் பக்கம் இதற்குத் ‘தீர்த்துவிடுவது’ என்றுதான் பெயர். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் அவள் அப்பா வீட்டில்தான் இருந்தாள். நூறுநாள் வேலைக்குப் போனாள், பெரியம்மாவின் ஓய்வூதியத்தில் சாப்பிட்டாள், மகளைப் படிக்க வைத்தாள். அவள் திருமணம் முடிந்துவிட்டது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அரசுக்குத்தான் அது தெரியாது.

குடும்ப ஓய்வூதியம் என்றால் மனைவிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. மத்திய அரசு ஊழியரின் கணவர் அல்லது மனைவிக்குப் பிறகு, 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது போகும். உழைத்துப் பிழைக்க முடியாத அளவு ஊனமுற்ற பிள்ளை இருந்தால், அவருக்கு வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். இவர்கள் யாரும் இல்லாதபோது, 25 வயதைத் தாண்டிய மகளுக்கும் உரிமை உண்டு. கணவனை இழந்த மகளையும் மணமுறிவு பெற்ற மகளையும் வயது வரம்பின்றி 2004 ஆகஸ்டில் சேர்த்தார்கள். திருமணமாகாத மகளை 2007 செப்டம்பரில் சேர்த்தார்கள். மகன் 25 வயதோடு வெளியேறுகிறான். மகள் மணம் முடிக்கும் வரை, மறுமணம் செய்யும் வரை, அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை பெறலாம். சம்பாத்தியத்துக்கான வரம்பு, குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமான 9,000 ரூபாயும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகை. 2024 ஜனவரியில் நிவாரணம் 50 விழுக்காடு. அப்படியானால் மாத வருமானம் 13,500 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

அக்கா இந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட வரமாட்டாள். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக் கூலி நாளுக்கு 319 ரூபாய். நூறு நாளும் முழுக் கூலி கிடைத்தாலே ஆண்டுக்கு 31,900தான். அது மூன்று மாத ஓய்வூதியத்துக்கும் குறைவு.

பெரியம்மா இறந்த மறுமாதம் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். “இதெல்லாம் செல்லாதும்மா, கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க” என்றார்கள். எந்த ஆர்டர் என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வக்கீலைப் பிடித்து விவாகரத்து மனு போட்டாள். எதிர்த்தரப்பு வரவேயில்லை. 2023இல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு கிடைத்தது. நகலோடு போனபோது மனுவைத் திருப்பிவிட்டார்கள். காரணம் ஒரே வரி: பெற்றோர் உயிரோடு இருந்தபோது வழக்கு தொடுக்கப்படவில்லை.

“ஏன்டி, இருபது வருசமா ஒத்தையா இருக்கறவ நானு. அம்மா செத்தப்புறம்தான் எனக்குப் புருசன் இல்லாமப் போனானாமா?” என்று கேட்டாள் அக்கா.

அந்த ஒரு வரி எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படித்தேன். குடும்ப ஓய்வூதியத்துக்கு யார் தகுதியானவர் என்பதை, கடைசியாக அதைப் பெற்றுக்கொண்டிருந்த பெற்றோர் இறந்த நாளன்று மகள் எந்த நிலையில் இருந்தாள் என்பதை வைத்தே முடிவு செய்கிறார்கள். 2013 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. அன்று அவள் யாருடைய மனைவியாகவாவது இருந்தால், அவளைக் காப்பாற்ற வேண்டியவன் கணவன், பெற்றோர் அல்ல என்பது அரசின் கணக்கு. அதனால் தாய் இறந்த மறுவாரம் கணவனை இழந்த மகளுக்கும் எதுவும் கிடையாது. நீதிமன்றம் பல ஆண்டுகள் இழுத்தடிப்பது தெரிந்ததால், 2017 ஜூலையில் ஒரே ஒரு சலுகை தந்தார்கள். பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருக்கும்போதே மனு தாக்கல் செய்திருந்தால், தீர்ப்பு அவர்கள் இறந்தபின் வந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு. ஆக, எல்லாமே மனு தாக்கலான தேதியில் நிற்கிறது. பெரியம்மா இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு வழக்கு எண் விழுந்திருந்தால் போதும்.

இங்கேதான் சாதி வருகிறது. மணமுறிவு என்பது மேலைநாட்டிலிருந்து வந்த சரக்கு என்று இந்துச் சட்டத் தொகுப்பை எதிர்த்தவர்கள் கூச்சலிட்டபோது, இந்துக்களில் பெரும்பான்மையான சூத்திரச் சாதிகளிடம் அது ஏற்கெனவே வழக்கத்தில் உள்ளது என்று அம்பேத்கர் வாதிட்டார். தீர்த்துவிடுவதும் அறுத்துக்கட்டுவதும் உழைக்கும் சாதிப் பெண்களுக்கு இருந்த வழி. சாகும்வரை பிரியக்கூடாது என்பது மேல்சாதி ஒழுக்கம். இந்து திருமணச் சட்டம் 1955இல் வந்தபோது, அதன் 29(2)ஆம் பிரிவு வழக்காற்று மணமுறிவைச் செல்லுபடியாகும் என்று விட்டுவைத்தது. சட்டத்தின்படி அக்காவின் பத்திரம் வெறும் குப்பைக் காகிதம் இல்லை.

ஆனால் அது தானாகவே நிற்கவும் நிற்காது. வழக்காறு இருக்கிறது, அதன்படியே பிரிந்தோம் என்று சொல்பவர் அதை நிரூபிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2002இல் யமனாஜி ஜாதவ் வழக்கில் கூறியது. அதற்கான இடம் உரிமையியல் நீதிமன்றம். அங்கே கேட்க வேண்டியது விவாகரத்து அல்ல. “எங்கள் சமூக வழக்கப்படி 2006லேயே இந்தத் திருமணம் முடிந்துவிட்டது” என்ற விளம்புகைத் தீர்ப்பு. விவாகரத்துத் தீர்ப்பு, அது சொல்லப்பட்ட நாளில்தான் திருமணத்தை முடிக்கிறது. விளம்புகைத் தீர்ப்போ முன்பே முடிந்துபோனதை உறுதி செய்கிறது. தாய் இறந்தபின் வாங்கினாலும், தாய் இறந்த நாளன்று மகள் மணமுறிவு பெற்றவளாகவே இருந்தாள் என்று அதை வைத்து வாதாடலாம். அதை அலுவலகம் ஏற்றே தீர வேண்டும் என்று ஓய்வூதிய விதியில் ஒரு வரி கிடையாது. ஆனால் வாதாட இடம் உண்டு.

அக்காவுக்கு அந்த இடமும் ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. விவாகரத்துக் கேட்டு மனு போட்டதன் மூலம், 2021 வரை திருமணம் உயிரோடு இருந்தது என்று அவளே எழுதிக் கொடுத்ததாகிவிட்டது. முடிந்துபோன திருமணத்தை மறுபடி முடித்துத் தரச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்களே. ‘கோர்ட் ஆர்டர்’ என்ற இரண்டு சொல்லை நம்பி இரண்டு வருடம் அலைந்து அவள் வாங்கி வந்த காகிதமே அவளுக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நான்கு பேரில் இருவர் இறந்துவிட்டார்கள்.

மணமானவள் என்றாலே கணவனைச் சார்ந்தவள் என்பதை அரசே எல்லா இடத்திலும் நம்பவில்லை என்பதையும் கவனியுங்கள். ஊனமுற்ற மகள் திருமணம் செய்துகொண்டாலும் மத்திய அரசுக் குடும்ப ஓய்வூதியம் நிற்பதில்லை. 2021 பிப்ரவரியில் அவர்களுக்கான வருமான வரம்பையும் தளர்த்தினார்கள். பெற்றோரின் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடும் அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைக்குள் சம்பாதித்தால் போதும். 2024 ஜனவரியில் இன்னொரு மாற்றம் வந்தது. கணவர் மீது விவாகரத்து வழக்கோ குடும்ப வன்முறைப் புகாரோ நிலுவையில் உள்ள பெண் ஊழியர், தன் குடும்ப ஓய்வூதியம் கணவருக்கு முன்பாகப் பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். இரண்டும் நல்ல மாற்றங்கள். பெண் ஊழியர் விஷயத்தில் குடும்ப வன்முறைப் புகாரே போதும் என்று ஏற்கும் அரசு, ஊழியரின் மகள் என்று வரும்போது மட்டும் விவாகரத்து மனுவைத் தவிர வேறெதையும் பார்க்க மறுப்பது ஏன்? வாழ்க்கைப்பட்ட வீட்டில் அடிபட்டுப் புகார் கொடுத்துவிட்டுத் தாய் வீட்டில் கிடப்பவளுக்கும், கைவிட்டுப் போனவனிடம் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டவளுக்கும் இந்த விதியில் இடமில்லை.

என் கோரிக்கை பெரியதல்ல. பெற்றோர் இறந்த நாளன்று மகள் உண்மையில் அவர்களைச் சார்ந்து வாழ்ந்தாளா என்பதைக் கேளுங்கள். ரேஷன் அட்டை, குடும்ப வன்முறைப் புகார், ஜீவனாம்ச வழக்கு, ஊர்த் தீர்வைப் பத்திரம் இவற்றையெல்லாம் அதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். வருமான வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. தேவையில்லாதவருக்குப் பணம் போய்விடும் என்ற பயத்துக்கு அதுவே பதில்.

விதி மாறும்வரை, உங்கள் தெருவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓய்வூதியம் வாங்கும் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், தீர்த்துவிடப்பட்ட மகள் வீட்டில் இருக்கிறாள் என்றால், இன்றே அவளை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள். பெண் என்பதே போதும், வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். ஊர்ப் பத்திரம் இருந்தால் முதலில் அதைக் காட்டி, விவாகரத்தா விளம்புகையா என்று கேட்டுத் தெளிந்தபின் கையெழுத்துப் போடுங்கள். மனு எண் விழுந்ததும் அதன் நகலை, பெற்றோரின் கடிதத்தோடு ஓய்வூதிய ஆணை தந்த அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் மாநில அரசு ஊழியராக இருந்தவர் என்றால், அங்கே 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் தனி. அதன் 49ஆம் விதியையும் அதன்மேல் வந்த அரசாணைகளையும் பார்க்க வேண்டும்.

மேல்தெருவில் இந்த விதி தெரிந்த வக்கீலோ கணக்கரோ உறவுக்குள்ளேயே ஒருவர் இருப்பார். எங்கள் தெருவில், மகளுக்கு உரிமை உண்டு என்பதே தாயைப் புதைத்த பிறகுதான் தெரிந்தது. அக்கா நூறுநாள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அந்த இருபது ரூபாய்ப் பத்திரத்தை லேமினேட் செய்து இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.