இரண்டாவது டேஸுக்கு முன்

கல்லீரல் புற்றுநோய்க்கு வரும் பெரும்பாலான நோயாளிகளுக்கு இரண்டு நோய்கள். ஒன்று கட்டி, மற்றொன்று அந்தக் கட்டி முளைத்த சிரோசிஸ் ஈரல். பிலிம் பெட்டியில் நம் கண் முதலில் போவது கட்டியின் மேல்தான். எங்கள் கலந்தாய்வுக்கு வந்த ஒருவரின் கதையை இங்கே சொல்கிறேன், ஏனெனில் அதில் தவறிய இடம் நம் எல்லோருக்கும் பழகிப்போன இடம்.

அறுபது வயதைத் தாண்டியவர். எட்டாவது செக்மென்ட்டில் 2.6 செ.மீ. அளவில் ஒற்றைக் கட்டி. பிலிருபின் 1.1, அல்புமின் 3.6, ஐ.என்.ஆர். 1.2, வயிற்றில் நீர் இல்லை, தெளிவான நினைவு. சைல்ட்-ப்யூ கணக்கில் 5, அதாவது ஏ. மூன்று செ.மீ.க்கு உட்பட்ட கட்டி என்பதால் அப்லேஷனுக்கு ஏற்றவர். கட்டியை ஒட்டி வலது ஹெபாட்டிக் சிரையின் கிளை ஓடியது. பெரிய குழாயின் ரத்தம் ஊசி தரும் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும், அந்த ஓரத்தில் உயிருள்ள செல்கள் தங்கும். அதனால் ரேடியோ அலையை விட்டு மைக்ரோவேவைத் தேர்ந்தெடுத்து, கட்டியைச் சுற்றிலும் குறைந்தது 5 மி.மீ. நல்ல ஈரலும் வெந்துவிடும்படி எரித்தோம். ஒரு மாதத்தில் எடுத்த சி.டி.யில் தமனிக் கட்டத்தில் எந்த வெளிச்சமும் இல்லை. சரியான நோயாளிக்குச் சரியான சிகிச்சை.

பதினான்கு மாதம் கழித்து இரு மடல்களிலும் மூன்று புதிய கட்டிகள், பெரியது 4.5 செ.மீ. அப்லேஷனுக்கு இனி வழியில்லை. நல்ல ஈரலுக்கு ரத்தத்தின் பெரும்பங்கு போர்ட்டல் சிரையிலிருந்து வருகிறது, கட்டிக்கோ ஏறக்குறைய எல்லாமே தமனியிலிருந்து. தமனியை மட்டும் அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், ஈரல் பிழைக்கும் என்ற நம்பிக்கையில்தான் டேஸ் செய்கிறோம். 2002இல் பார்சிலோனாவிலும் ஹாங்காங்கிலும் இருந்து வந்த இரு ஆய்வுகள் அது ஆயுளைக் கூட்டும் என்று காட்டின. அவற்றில் சேர்க்கப்பட்டவர்கள் கவனமாகப் பொறுக்கப்பட்டவர்கள் என்பதை மறந்துவிடுகிறோம். சிரோசிஸ் முற்றும்போது போர்ட்டல் ஓட்டம் மெலியும், தமனியே ஈரலுக்கும் ஊன்றுகோலாகும். அப்போது அதை அடைத்தால் பட்டினி கிடப்பது ஈரலும்தான்.

முதல் டேஸில் இரண்டு கட்டிகள் முழுதாக அணைந்தன. பெரியதில் பாதி உயிரோடு இருந்தது. லிப்பியோடாலின் வெண்மை சி.டி.யில் தமனி வெளிச்சத்தை மறைத்துவிடும் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுத்துத்தான் அதை உறுதி செய்தார்கள். இரண்டாவது டேஸுக்கான படிவம் எங்கள் அறைக்கு வந்தது. அதில் சைல்ட்-ப்யூ கட்டத்தில் 5 என்று இருந்தது. அது அப்லேஷன் காலத்து எண். பழைய படிவத்திலிருந்து அப்படியே இறங்கியிருந்தது, நாங்களும் கேட்கவில்லை. அந்த வாரத்து ரத்தப் பரிசோதனை கோப்பிலேயே இருந்தது: பிலிருபின் 2.1, அல்புமின் 3.3. இரண்டுக்கும் தலா ஒரு புள்ளி கூட்டினால் மொத்தம் 7, அதாவது பி.

அன்று அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் மைக்ரோகேதட்டரை அந்தப் பெரிய கட்டிக்குப் போகும் ஒற்றைக் கிளைக்குள் மட்டும் கொண்டுசென்றிருப்போம், அல்லது ஈரல் தேறும்வரை காத்திருந்திருப்போம். நடந்தது வேறு, வலது மடல் முழுவதற்கும் மருந்து போனது. காய்ச்சலும் வலியும் நான்கு நாளில் அடங்கின. அதை எம்போலைசேஷனுக்குப் பின் வழக்கமாக வருவது என்று ஏற்றுக்கொண்டோம். ஆனால் ஆறு வாரம் கழித்தும் பிலிருபின் இறங்கவில்லை, அல்ட்ராசவுண்டில் வயிற்றில் நீர் தெரிந்தது. சைல்ட்-ப்யூ 8. பெரிய கட்டியில் மாற்றமில்லை, பக்கத்தில் புதிதாக ஒன்று.

இரண்டு முறை செய்தும் கட்டி அடங்கவில்லை என்றால் மூன்றாவதை நிறுத்தி, மருந்துச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். இது நாம் அறிந்ததே. ஆனால் அனுப்புவதற்கு ஈரல் மிஞ்சியிருக்க வேண்டும். அட்டெசோலிசுமாப், பெவாசிசுமாப் கூட்டு மருந்தை நிலைநாட்டிய ஆய்வு சைல்ட்-ப்யூ ஏ நோயாளிகளை மட்டுமே சேர்த்தது. எட்டுப் புள்ளியில் வந்து நிற்பவருக்கு அந்தக் கதவு பாதிக்கு மேல் மூடியாயிற்று. அதை மூடியது கட்டி மட்டுமல்ல, எங்கள் அடைப்பும்தான் என்று நான் நம்புகிறேன்.

டேஸை நாள்காட்டி பார்த்துச் செய்யாதீர்கள். படத்தில் உயிருள்ள கட்டி இருக்கிறதா, அந்த வாரத்து ஈரல் தாங்குமா என்று இரண்டையும் பார்த்தபின் முடிவெடுங்கள். உங்கள் பிரிவின் படிவத்தில் சைல்ட்-ப்யூ கட்டத்துக்குப் பக்கத்தில் ரத்தம் எடுத்த தேதிக்கு ஒரு கட்டம் சேருங்கள். தேதி இல்லாமலோ, இரண்டு வாரத்துக்கு முந்தைய தேதியோடோ வரும் படிவத்தை ஆஞ்சியோ மேஜை வரை வரவிடாமல் அனுப்பியவருக்கே திருப்பிக் கொடுங்கள். எங்கள் பிரிவில் அந்தக் கட்டம் இப்போது இருக்கிறது.