கொப்பியில் கண்ட 74

சலரோகம் உள்ள முதியோர் பலர் இக்காலத்தில் வீட்டிலேயே விரல் நுனியிலிருந்து ஒரு துளி குருதி எடுத்து, சிறு கருவியொன்றினால் சீனியின் அளவைப் பார்த்து, அதனைக் கொப்பியில் குறித்து வருகின்றனர். வைத்தியரிடம் போகும்போது கொப்பியும் கூடப் போகிறது. ஆயினும் அவருக்கு அதனைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்க நேரம் கிடைப்பது அரிது. வீட்டிலுள்ள மாணவர் ஒருவர் அதனை அட்டவணையாக்கி, அதிலிருந்து ஒரு வரைபடமும் வரைந்து கொடுத்தால், மூன்று மாதக் கதையை வைத்தியர் ஒரே பார்வையில் அறிந்துகொள்வார்.

இது வெறும் பார்த்தெழுதும் வேலை எனப் பலர் எண்ணுவர். அவ்வாறன்று. கொப்பியில் இருப்பது எண் மட்டுமே. அந்த எண் எந்த அலகில் உள்ளது, உண்பதற்கு முன் பார்த்ததா பின் பார்த்ததா என்பவை பெரும்பாலும் எழுதியவரின் மனத்தில்தான் இருக்கும். அவற்றை வெளிக்கொணர்ந்து எண்ணின் அருகே வைப்பதே அட்டவணை செய்பவரின் வேலை.

கற்பிட்டிக் குடாநாட்டில், ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்புமாக அமைந்த மணற்பாங்கான ஆலங்குடாவில் வாழும் நமது பெரிய தாயாரின் கொப்பியை உதாரணமாகக் கொள்வோம். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்துப் பக்கமொன்றில் ஏழு குறிப்புகள் உள்ளன. 5/3 வெ 126. 6/3 வெ 132, சா 188. 7/3 சா என்பதற்குப் பின் நடு இலக்கம் மை கரைந்து அழிந்த ஓர் எண். 10/3 வெ 7.1, 11/3 வெ 74, 12/3 வெ 6.6.

முதலில் "வெ" என்பது யாது எனக் காண்போம். அது வெறுவயிறாகவும் இருக்கலாம், வெள்ளிக்கிழமையாகவும் இருக்கலாம். நாட்காட்டியை எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அவ்வாண்டு மார்ச் 5ஆம் திகதி செவ்வாய். 6ஆம் திகதி புதன். 10ஆம் திகதி ஞாயிறு. "வெ" இட்ட நாட்களுள் ஒன்றேனும் வெள்ளியன்று. ஆகவே அது வெறுவயிறே. "சா" என்பது மதியம் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தது எனப் பெரிய தாயாரே கூறினார். இவ்வாறு எழுதியவரிடம் கேட்டறிந்த சுருக்கெழுத்துகளைத் தனித்தாள் ஒன்றில் எழுதி வைத்துக்கொண்ட பின்னரே அட்டவணையைத் தொடங்க வேண்டும். வெறுவயிற்று அளவும் உண்டபின் அளவும் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவை அல்ல. இரண்டையும் ஒரே கோட்டால் இணைத்தால் வரைபடம் அரத்தின் பல்லைப்போல ஏறி இறங்கும். அதிலிருந்து எதையும் அறிய முடியாது. அவற்றுக்கு இரு வேறு கோடுகள் வேண்டும்.

அடுத்து, 10ஆம் திகதியன்று 132 எங்கே, 7.1 எங்கே? சீனி ஒரேயடியாக வீழ்ந்துவிட்டதா? இல்லை, கருவிதான் மாறியது. பழைய கருவி பழுதாகிவிட, கனடாவிலுள்ள மகன் கொணர்ந்த புதியதைப் பெரிய தாயார் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார். இலங்கையிலும் இந்தியாவிலும் ஒரு டெசிலீற்றர் குருதியில் இத்தனை மில்லிகிராம் என அளப்பது வழக்கம். கனடா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் ஒரு லீற்றரில் இத்தனை மில்லிமோல் என அளக்கின்றனர். ஒரு மில்லிமோல் குளுக்கோசின் நிறை ஏறக்குறைய 180 மில்லிகிராம். ஒரு லீற்றரில் பத்து டெசிலீற்றர் உண்டு. எனவே மில்லிமோல் எண்ணை 18ஆல் பெருக்கினால் நமது வழக்கமான எண் வந்துவிடும். 7.1 என்பது 128, 6.6 என்பது 119. சீனி வீழவுமில்லை, ஏறவுமில்லை.

இனி 11ஆம் திகதியின் 74க்கு வருவோம். இந்தப் பக்கத்தில் மிகுந்த கவனத்துக்குரியது இந்த எண்ணே. இது பழைய அலகில் 74 ஆயின், தாழ்ந்த சீனி எனக் கொள்ளப்படும் 70 என்ற எல்லைக்கு மிக அருகிலுள்ளது. சீனியைக் குறைக்கும் சில மாத்திரைகளோ இன்சுலினோ எடுக்கும் முதியவரிடம் இத்தகைய அளவைக் கண்டால், தலைசுற்றி விழுந்துவிடுவாரோ என அஞ்சி, மருந்தைக் குறைப்பது பற்றி வைத்தியர் எண்ணக்கூடும். மாறாக, அது புள்ளி விடுபட்டுப்போன 7.4 ஆயின், அதன் பெறுமதி 133. அப்போது மருந்தைக் குறைக்கக் காரணமே இல்லை. ஒரு சிறு புள்ளியில் தங்கியிருப்பது ஒரு மாத்திரை.

முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து 7.4 என்று முடிவு கட்டிவிடலாமே எனச் சிலர் சொல்லக்கூடும். அது கூடாது. சீனி உண்மையாகவே தாழ்ந்த ஒரு நாளை அண்டை நாட்களின் எண்களைக் கொண்டு திருத்தினால், வைத்தியர் அறியவேண்டிய செய்தியையே நாம் அழித்தவர்களாவோம். அண்டை எண்கள் ஐயத்தை எழுப்பலாம். தீர்ப்புக் கூற அவை போதா.

பெரிய தாயாரிடமே கேட்டோம். "பெரியம்மா, இந்த எழுபத்துநாலு எந்தக் கருவியிலே பார்த்தது? புள்ளி ஏதும் இருந்ததா?"

"அது ஞாபகமில்லைத் தம்பி. அன்றைக்குக் கண்ணாடி போடாமல் எழுதினேன். பழைய கருவி எந்த நாளிலே நின்றது என்றும் இப்போது சொல்லத் தெரியாது" என்றார்.

எஞ்சிய சாட்சி கருவியே. இத்தகைய கருவிகளுட் பெரும்பாலானவை தாம் அளந்த அளவுகளைத் தம்முள் சேமித்து வைக்கின்றன. பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்க்கலாம். ஆனால் அங்கே காணும் திகதியை உடனே நம்பிவிடக்கூடாது. மின்கலம் கழன்று மாட்டப்பட்டாலோ, கடிகாரம் சரிசெய்யப்படாவிட்டாலோ திகதி பிழையாகவே இருக்கும். புதிய கருவியில் காணப்பட்ட திகதியும் கொப்பியின் திகதியோடு பொருந்தவில்லை. எனவே திகதியை விட்டு வரிசையைப் பார்த்தோம். முதலில் 7.1, அடுத்து 7.4, பின்னர் 6.6 என அடுத்தடுத்த மூன்று நாட்களுக்கு அளவுகள் இருந்தன. கொப்பியின் வரிசையும் அதுவே. மேலும், மில்லிமோல் காட்டும் கருவிகள் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் காட்டுவது வழக்கம். ஐயம் நீங்கியது: 74 என்பது 7.4.

7ஆம் திகதியின் அழிந்த எண்ணுக்கோ அத்தகைய நற்பேறு கிட்டவில்லை. நடு இலக்கம் 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். அதே கையெழுத்தில் தெளிவாக உள்ள 3, 8 ஆகியவற்றை அருகே வைத்து ஒப்பிட்டும் துணிய முடியவில்லை. அதை அளந்த பழைய கருவியும் எறியப்பட்டுவிட்டது. 138க்கும் 188க்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. எனவே அந்த இடம் வெறுமையாகவே விடப்பட்டது. காரணம் குறிப்பில் எழுதப்பட்டது.

கணினியில் அட்டவணை இவ்வாறு அமைந்தது:

```
திகதி,நிலை,கொப்பியில்,அலகு,பெறுமதி,குறிப்பு
2024-03-05,வெறுவயிறு,126,mg/dL,126,
2024-03-06,வெறுவயிறு,132,mg/dL,132,
2024-03-06,உண்டபின்,188,mg/dL,188,
2024-03-07,உண்டபின்,1?8,mg/dL,,நடு இலக்கம் தெளிவில்லை
2024-03-10,வெறுவயிறு,7.1,mmol/L,128,புதிய கருவி
2024-03-11,வெறுவயிறு,74,mmol/L,133,கருவியில் 7.4
2024-03-12,வெறுவயிறு,6.6,mmol/L,119,
```

இதில் கவனிக்கத்தக்கவை மூன்று. ஒன்று, ஓர் அளவுக்கு ஒரு வரி. 6ஆம் திகதியில் இரண்டு அளவுகள் இருந்தமையால் இரண்டு வரிகள். இரண்டு, கொப்பியில் எழுதியிருந்தது எதுவோ அது அப்படியே ஒரு நிரலில் நிற்கிறது. நாம் கணித்த பெறுமதி வேறொரு நிரலில் உள்ளது. நமது முடிவில் பிறர் ஐயுற்றால், மூலத்தை நோக்கித் திரும்பிச் செல்ல வழியுண்டு. மூன்று, தெரியாத இடம் வெறுமையாக உள்ளது; அங்கே பூச்சியம் இல்லை. பூச்சியம் இட்டால் வரைபடத்தின் கோடு பாதாளத்தில் இறங்கி ஏறும். கருவி சில வேளைகளில் எண்ணுக்குப் பதிலாக "HI" அல்லது "LO" எனக் காட்டும். அது தன்னால் அளக்கவியலாத அளவு கூடியது அல்லது குறைந்தது என்பதன் அறிகுறி. அதையும் எண்ணாக மாற்றாமல் குறிப்பாகவே எழுத வேண்டும்.

திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதியதற்கும் காரணம் உண்டு. 5/3 எனக் கணினியில் தட்டினால் அதன் அமைப்பைப் பொறுத்து அது மார்ச் 5 எனவும் கொள்ளும், மே 3 எனவும் கொள்ளும். குருதியமுக்கக் கொப்பியை அட்டவணையாக்குவோர்க்கு இத்தொல்லை இன்னும் பெரிது. 12/8 என்று சுருக்கி எழுதிய அமுக்கத்தை அப்படியே தட்டினால் கணினி அதனை ஒரு திகதியாகவே மாற்றிவிடும். மேல் அளவை 120 எனவும் கீழ் அளவை 80 எனவும் இரு நிரல்களில் பிரித்தே எழுத வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒருவர் கொப்பியை உரத்து வாசிக்க, மற்றவர் அட்டவணையைப் பார்த்துச் சரிபிடிப்பது நல்ல முறை. எழுதியவரே தம் எழுத்தைச் சரிபார்த்தால், கண் தான் எதிர்பார்த்ததையே காணும்.

வரைபடம் கைக்கு வந்தபின் அதனை அளவுக்கு மீறி வாசித்தலும் ஆகாது. வீட்டுக் கருவிகளுக்கு 2013ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட சர்வதேச நியமத்தின்படி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 அளவுகள் ஆய்வுகூட அளவிலிருந்து 15 வீதத்துக்குள் அமைந்தால் போதும். அதாவது, உண்மையில் 130 ஆக உள்ள சீனியைக் கருவி 111 எனவோ 149 எனவோ காட்டினும் அது நியமத்துக்கு உட்பட்டதே. ஆகவே 126க்கும் 132க்கும் உள்ள வேற்றுமையைக் கண்டு மகிழவோ வருந்தவோ வேண்டியதில்லை. கடற்காற்றின் ஈரம் மிகுந்த ஆலங்குடா போன்ற ஊர்களில் சோதனைப் பட்டிகளின் குப்பியைத் திறந்து வைத்தால் பட்டிகள் கெட்டு, அளவுகள் தாறுமாறாகும். கருவியோ புதிய குப்பியோ மாறிய நாளிலிருந்து எண்கள் முழுவதும் ஒருபடி உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால், உடலைச் சந்தேகிக்குமுன் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நாளைக் குறிப்பு நிரலில் எழுதச் சொன்னது இதற்காகவே.

அட்டவணை தயாரானது என்பதற்காகக் கொப்பியை மூலையில் போட்டுவிடலாகாது. வைத்தியரைக் காணச் செல்லும் நாளில் வரைபடத்தோடு கொப்பியையும் கருவியையும் ஒரே பையில் வைத்தனுப்புங்கள். அடுத்த மாதப் பக்கத்தின் தலைப்பில், கருவியின் திரையில் காணும் அலகைப் பெரிய எழுத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள். அதன்பின் 74 என்ற எண் வந்தால், அது எவ்வளவு என எவரும் கேட்க வேண்டியிராது.