டி-டைமரை நம்பி டாப்ளரைத் தள்ளிப் போடாதீங்க

சிசேரியன் முடிஞ்சு 10 நாள். இடது கால் மட்டும் வீக்கம், கெண்டைச் சதையில் வலி. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்தவர் கையில் இருந்தது டி-டைமர் ரிப்போர்ட் மட்டும்தான். டாப்ளர் ஸ்கேனுக்கு யாரும் எழுதவே இல்லை.

அந்த டெஸ்ட் எதுக்குங்க? உறைந்த ரத்தம் கரையும்போது வரும் துணுக்குதான் டி-டைமர். பிரசவம், ஆபரேஷன், காய்ச்சல், புற்றுநோய், முதுமை எல்லாத்திலும் ஏறும். இவருக்கு ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நார்மல்னு வந்திருந்தாலும் விட முடியாது. பிரசவம், ஆபரேஷன், படுக்கை, ஒற்றைக்கால் வீக்கம்னு ரிஸ்க் இவ்வளவு இருக்கும்போது நார்மல் ரிசல்ட்டை வைத்து உறைவு இல்லைன்னு சொல்லக்கூடாது. ரிஸ்க் குறைவானவருக்கு நார்மல் வந்தால்தான் ஸ்கேன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம்.

டாப்ளரில் தொடைச் சிரையில் உறைவு. ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த 2 நாளில் அது நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.