அந்த ஏரிக்கரையில் மழை இல்லை

‘பொன்னியின் செல்வன்’ முதல் அத்தியாயத்தைப் பற்றி எழுதச் சொன்னால் பிள்ளைகளில் பாதிப் பேர் “மழைக்கால வர்ணனை அழகாக உள்ளது” என்று எழுதுகிறார்கள். பிழை அவர்களுடையது மட்டுமல்ல. வெள்ளவத்தையில் தென்மேற்குக் காற்று என்றால் மழையும் ரயில் பாதை வரைக்கும் அடிக்கும் அலையும்தானே!

கல்கி காட்டுவது ஆடிப்பெருக்கு நாள். அதே தென்மேற்குக் காற்று குடகு மலையில் மழையைக் கொட்டிவிட்டுச் சோழநாட்டுக்கு ஈரம் குறைந்துதான் வருகிறது. நம் கிழக்கு மாகாணத்துக் கச்சானும் அப்படித்தான். மழைநீர் காவிரி வழியாக வருகிறது. அதனால்தான் வீரநாராயண ஏரி கடல்போல அலையடிக்கிறது, கரையோ காய்ந்து கிடக்கிறது. சனங்கள் சித்திரான்னத்தோடு வந்து உட்காருகிறார்கள். வந்தியத்தேவனும் அவசரமில்லாமல் மதகுகளை எண்ணிக்கொண்டு குதிரையில் போகிறான்.

வகுப்பில் ஒன்று செய்து பாருங்கள். அந்த நாளை ஐப்பசி அடைமழைக்கு மாற்றுங்கள். கரையில் கூட்டமே இருக்காது. பிறகு பழுவேட்டரையரின் படகுகளோடு காவல் வீரர்கள் வரும்போது விலக்குவதற்கு யார் இருப்பார்கள்? சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று ஒதுங்கி நிற்பதில்தான் நமக்கு முதல் பயம் பிடிக்கிறது.

“அழகாக உள்ளது” என்ற வரிக்கு நான் புள்ளி போடுவதில்லை. கைநூலில் அப்படித்தான் இருக்கிறது என்று பெற்றோர் சிலருக்குக் கோபம். காற்று எங்கிருந்து வருகிறது, அதனால் யார் அங்கே வந்து நிற்கிறார்கள் என்று பிள்ளை இரண்டு வரி எழுதட்டும், முழுப் புள்ளியும் தருகிறேன்.