ஐடி ஹேக் ஆகல்ல, கொப்பி அடிச்சிருக்கான்



நேற்று நம்மூர் நானா ஒருவரின் பெயரும் போட்டோவும் வைத்து இன்னொரு பேஸ்புக் கணக்கு முளைத்தது. மஃரிபுக்கு முன்னமே பலருக்கு இன்பொக்ஸில் "அவசரம், 15,000 ரூபா அனுப்புங்க" என்று மெசேஜ். ஸ்கிரீன்ஷொட் எல்லா வட்ஸ்அப் குரூப்பிலும் பறந்தது. ரிப்போர்ட் பண்ணியது யார் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை!

நானாவோ "ஹேக் பண்ணிட்டானுகள்" என்று பாஸ்வேர்டை மாற்றினார். அதனால் என்ன பயன்? அவருடைய கணக்குக்குள் யாரும் நுழையவே இல்லை. வெளியே தெரிந்த போட்டோவை எடுத்து, நண்பர் பட்டியலைப் பார்த்து ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறான். சிலர் சொன்னபடி பழைய கணக்கை மூடியிருந்தால் போலி மட்டுமே மிஞ்சியிருக்கும்.

போலிக்காரன் பெரும்பாலும் உரியவரைத்தான் பிளொக் பண்ணுவான். அதனால் அவருக்கு அந்தக் கணக்கு தெரியாது. கண்ணில் பட்ட நாம்தான் செய்ய வேண்டும். அந்தப் புரொபைலுக்குப் போய் மூன்று புள்ளியை அழுத்தி, Report profile கொடுத்து, நண்பரைப் போல நடிக்கிறான் என்பதைத் தெரிவு செய்து, நானாவின் உண்மையான கணக்கைக் காட்டுங்கள். ஸ்கிரீன்ஷொட்டை விட்டுவிட்டு லிங்கை அனுப்புங்கள். பெயரும் படமும் ஒன்றாக இருந்தாலும் லிங்க் வேறாகத்தான் இருக்கும்.

காசு அனுப்பியவர் மெசேஜை அழிக்காமல் பொலிஸுக்குப் போங்கள்.

இன்றே உங்கள் நண்பர் பட்டியலை Only me ஆக்குங்கள். அது திறந்து கிடந்தால் அடுத்த மெசேஜ் உங்கள் பெயரில் வரலாம்.