'3 நாட்களுக்கு முன்பு' என்று காட்டிய வேலை: 4 மாதத்துக்கு முன்பே ஆள் எடுத்து முடித்த கம்பெனி!

சென்னை,

திருத்தணியை சேர்ந்த ஐ.டி.ஐ. படித்த வாலிபர் ஒருவர் தை மாதம் ஒரு நாள் காலை முதல் ரெயிலை பிடித்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வந்தார். கையில் செல்போனில் பார்த்து எடுத்த விளம்பரத்தின் பிரிண்ட். 'சி.என்.சி. ஆபரேட்டர், 30 பேர் தேவை' என்று இருந்தது. மேலே '3 நாட்களுக்கு முன்பு' என்றும் போட்டிருந்தது.

கேட்டிலேயே விஷயம் முடிந்துவிட்டது. "அதுக்கு ஆள் எடுத்து முடிச்சு நாலு மாசம் ஆச்சு தம்பி. வாரத்துக்கு ரெண்டு பேராவது இதே பேப்பரோட வர்றாங்க" என்றார் காவலாளி. அன்று கூலி வேலைக்கு போயிருந்தால் வாலிபருக்கு 700 ரூபாய் கிடைத்திருக்கும். அதுவும் போச்சு, டிக்கெட், டீ, ஜெராக்ஸ் செலவும் போச்சு.

திரும்பும் ரெயிலில்தான் அவர் விளம்பரத்தை கடைசி வரி வரை படித்தார். 'ஆயுத பூஜைக்குள் சேர வேண்டும்' என்று அதிலேயே இருந்தது!

தேதி ஏன் மாறுகிறது?

வேலைவாய்ப்பு இணையதளங்களில் தெரியும் தேதி, கம்பெனி ஆள் கேட்ட தேதியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பழைய விளம்பரத்தை மறுபடி ஏற்றினால் புது தேதி விழுந்துவிடும். ஒரு தளத்தில் வந்ததை இன்னொரு தளம் எடுத்து போடும்போது, எடுத்து போட்ட நாளே தேதியாகிவிடுவதும் உண்டு. ஆள் எடுத்த பிறகு விளம்பரத்தை நீக்க கம்பெனியில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. சில கன்சல்டன்சிக்காரர்கள் வேலையே இல்லாவிட்டாலும், பயோடேட்டா சேரட்டும் என்று அப்படியே விட்டு வைக்கிறார்கள்.

டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு என்றால் கடைசி தேதி தெளிவாக இருக்கும். தனியார் விளம்பரங்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. எனவே மேலே உள்ள தேதியை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை பார்க்க வேண்டும். எந்த வருடம் படிப்பு முடித்தவர்களை கேட்கிறார்கள், எந்த பண்டிகைக்குள் சேர சொல்கிறார்கள் என்பதில் உண்மையான வயது தெரிந்துவிடும். விளம்பரத்தின் ஒரு முழு வரியை கூகுளில் போட்டு தேடினால், அதே வாசகம் பல மாதங்களுக்கு முன்பே வேறு தளத்தில் வந்திருப்பதும் சிக்கலாம்.

பழசு எல்லாமே பொய்யா?

அப்படியும் சொல்ல முடியாது. இதே வாலிபர் அடுத்து பார்த்தது காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு வேலை. விளம்பரம் 8 மாத பழசு. இந்த முறை ரெயில் ஏறவில்லை. விளம்பரத்தில் இருந்தது கன்சல்டன்சி செல் நம்பர். அதை விட்டுவிட்டு, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருந்த நம்பருக்கு காலை 10½ மணிக்கு போன் போட்டார்.

அவர் கேட்ட கேள்விதான் முக்கியம். "வேலை இருக்கா சார்?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "பயோடேட்டா அனுப்புங்க, கூப்பிடுறோம்" என்பதுதான். அதில் ஒன்றும் தெரியாது. அவர் கேட்டது இது: "சி.என்.சி.க்கு இப்ப எத்தனை இடம் காலி? இன்டர்வியூ என்னிக்கு? வந்தா யாரை பார்க்கணும்?"

காலியிடம் நிஜமாக இருந்தால் இந்த மூன்றுக்கும் பதில் வரும். வந்தது. டர்னர் இடம் முடிந்துவிட்டது, சி.என்.சி.யில் 4 இடம் இருக்கிறது, ஆனால் நைட் ஷிப்ட், வியாழக்கிழமை 10 மணிக்கு டைம் ஆபீசில் வந்து பார்க்கணும் என்றார்கள். கம்பெனி ரோலா, கான்டிராக்டா என்றும் கேட்டார். கான்டிராக்ட் என்று பதில் வந்தது.

8 மாதமாக விளம்பரம் ஓடியதன் காரணம் அதில்தான் இருக்கிறது. கான்டிராக்டில், அதுவும் நைட் ஷிப்டில் சேருகிறவர்கள் சில மாதங்களில் வேறு இடம் பார்த்து போய்விடுகிறார்கள். இடம் காலியாகிக்கொண்டே இருக்கும், விளம்பரமும் இருந்துகொண்டே இருக்கும். இப்படிப்பட்ட வேலை திறந்துதான் இருக்கிறது. ஆள் ஏன் நிற்கவில்லை என்பதை மட்டும் போகும்போது உள்ளே வேலை செய்பவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போனை யாரும் எடுக்காத கம்பெனிகளும் உண்டு. அப்போது இலவசமாக ஆன்லைனில் விண்ணப்பித்து வைப்பதில் நஷ்டம் இல்லை. அதற்காக ஒரு நாள் கூலியை விடத்தான் கூடாது. அந்த பக்கம் குடியிருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால், கேட்டில் ஒரு வார்த்தை விசாரிக்க சொன்னாலே போதும்.

"இடம் இருக்கு, 500 ரூபா ரிஜிஸ்ட்ரேஷன் அனுப்புங்க, பேரை பிடிச்சு வைக்கிறோம்" என்று கன்சல்டன்சி நம்பரில் இருந்து பதில் வந்தால் விளம்பரம் பழசா புதுசா என்று பார்க்கவே வேண்டாம், பணத்தை அனுப்பாமல் போனை வைத்துவிட வேண்டியதுதான். ஏற்கனவே அனுப்பி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம்.