எட்டு வருஷம் என்ன பண்ணீங்க?

கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமி கோயிலுக்குப் போகிற வழியில், எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் பிஸ்கட், கேக் தயாரிக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். இருபது பேர் வேலை செய்கிறார்கள். புதுச்சேரி முழுக்கச் சரக்கு போகிறது. பக்கத்தில் தமிழ்நாட்டுக் கடைகளுக்கும் போகிறது. கணக்கு பார்த்தவர் ஓய்வு பெற்றுவிட, புதிய ஆள் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் பர்சனல் ஆபீசராக இருந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார். போன நவம்பரில் நடந்தது இது.

நான் போனபோது முதல் வடிகட்டல் முடிந்திருந்தது. “பதினாறு விண்ணப்பம் வந்துச்சு சார். மார்க் போட்டு ஆறு பேரை வெச்சிருக்கேன்” என்றார். மீதிப் பத்தை மேசை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார். எனக்கு எப்போதுமே தள்ளி வைத்ததைத்தான் முதலில் பார்க்கத் தோன்றும்.

மேலே இருந்தது ஒரு பெண்ணின் விண்ணப்பம். பி.காம். ஒரு ஆடிட்டர் ஆபீசில் 2009 முதல் 2017 மே வரை எட்டு வருஷம். அதன் பிறகு ஒன்றுமில்லை. அவருக்குத் தம்பி போட்டிருந்தது 20 மார்க். நேர்முகத்துக்குக் கூப்பிட 50 வேண்டும்.

அந்த மதிப்பெண் தாளை வாங்கிப் பார்த்தேன். இணையத்தில் எங்கேயோ எடுத்ததாம். படிப்புக்கு 20. கடைசி ஐந்து வருஷ அனுபவத்துக்கு 30. கடைசி வேலையை விட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்பதற்கு 20. இடைவெளியில்லாத தொடர்ச்சிக்கு 15. நேர்முகத்துக்கு 15. பார்த்தால் ஐந்து கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் நடுவில் இருக்கிற மூன்றும் ஒரே கேள்விதான்: “நடுவில் வீட்டில் இருந்தாயா?” ஒரே விஷயத்துக்கு மூன்று தடவை மார்க் வெட்டினால் 65 போய்விடுகிறது. அந்தப் பெண் நேர்முகத்தில் முழு மார்க் வாங்கினாலும் 35தான். ஐம்பதைத் தொடவே முடியாது.

“தம்பி, இந்த மூணு கட்டத்துக்கும் என்ன பயம்? எதைத் தடுக்கறதுக்கு இதைப் போட்டீங்க?” என்று கேட்டேன்.

அவர் யோசித்துச் சொன்னார். “வேலை மறந்திருக்கும். ஜி.எஸ்.டி. வந்ததே அவங்க வேலையை விட்ட பிறகுதான். அப்புறம்... வீட்ல பிரச்சினைன்னா திரும்ப நின்னுடுவாங்க. எட்டு வருஷமா யாருமே எடுக்கலைன்னா ஏதோ குறை இருக்கும்ல சார்?”

இதில் மூன்று பயம் இருக்கிறது. முதலாவது உண்மையான அபாயம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது, அவர் அதற்கு இரண்டு மாதம் முன்பு நின்றவர். வாட்டும் சி ஃபார்மும் தெரிந்தவருக்கு இன்றைய பில் தெரியும் என்று நாம் நம்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் இதைக் கண்டுபிடிக்க வருஷத்தை எண்ண வேண்டியதில்லை, பில் போடச் சொன்னால் போதும். இரண்டாவது, அவர் வாழ்க்கையைப் பற்றிய ஊகம். மூன்றாவது இருக்கிறதே, அது சுத்தமான சுழல். யாரும் எடுக்காததால் நாமும் எடுப்பதில்லை. நாம் எடுக்காததைப் பார்த்து அடுத்தவரும் எடுப்பதில்லை. அந்தப் பெண் எத்தனை இடத்தில் விண்ணப்பித்தார் என்பதே நமக்குத் தெரியாது. பிறகு விசாரித்ததில், இதுதான் அவருடைய முதல் விண்ணப்பம்.

வேறு தொழில்களில் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று ஓர் உதாரணம் சொன்னேன். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு சும்மா புதுப்பித்துத் தர மாட்டார்கள். திரும்ப ஓட்டிக் காட்ட வேண்டும். “ஏன் ஓட்டவில்லை, வீட்டில் யாருக்கு என்ன” என்று கேட்பதில்லை. ஓட்டத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

அப்படியே செய்தோம். பழைய தாளை மடித்து வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினோம். வேலைத் தேர்வுக்கு 60. அனுபவத்துக்கு 20, வருஷத்துக்கு இரண்டு மார்க், எந்த வருஷமாக இருந்தாலும் சரி. நேர்முகத்துக்கு 20, எல்லோருக்கும் ஒரே கேள்விகள். இடைவெளிக்கு என்று தனியாக மார்க் கிடையாது.

தேர்வு ஐந்து கேள்வி, ஒவ்வொன்றும் 12 மார்க். எல்லாம் அந்த யூனிட்டில் அன்றாடம் வருகிற வேலை. ஒன்று, முத்தியால்பேட்டைக் கடைக்குப் பில். இரண்டு, கோட்டக்குப்பம் கடைக்கு 62,000 ரூபாய்க்குக் கேக், பிஸ்கட் பில். இதில்தான் புதுச்சேரிக்காரர்களுக்கே உரிய சிக்கல். கோட்டக்குப்பம் சைக்கிளில் போகிற தூரம், ஆனால் அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. முத்தியால்பேட்டைக்கு வரியை மத்திய, மாநில ஜி.எஸ்.டி. என்று இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும். கோட்டக்குப்பத்துக்கு அது மாநிலம் தாண்டிய விற்பனை, ஐ.ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம் 3,100 ரூபாய், மொத்தம் 65,100. ஐம்பதாயிரத்தைத் தாண்டுவதால் ஈ-வே பில் இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது. பிடித்தால் அபராதம்.

மூன்றாவது, ஆகஸ்டில் விற்ற கேக் கெட்டுப்போய் அக்டோபரில் திரும்பி வந்ததற்குக் கிரெடிட் நோட். 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட்டுக்கு வரி 18-லிருந்து 5 ஆனது ஞாபகம் இருக்கும். திரும்பி வந்தது இப்போது என்றாலும், விற்றது பழைய வரியில். நோட்டும் 18 சதவீதத்தில்தான் போட வேண்டும். நான்காவது, அட்டைப்பெட்டி வாங்கிய பில் ஒன்று போர்ட்டலின் 2பி பட்டியலில் வரவில்லை, அந்த மாதம் வரியைக் கழித்துக்கொள்ளலாமா? கூடாது. ஐந்தாவது, திரும்பிய காசோலை ஒன்றை வைத்து வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது.

ஆறு பேரோடு அந்தப் பெண்ணையும் சேர்த்து ஏழு பேரைக் கூப்பிட்டோம். அரை நாள் வேலை வாங்குகிறோம் என்று ஆளுக்கு 500 ரூபாய் கொடுக்கச் சொன்னேன். தம்பி முகம் சுளித்தார், கொடுத்தார்.

பெண் என்ன எழுதினார் தெரியுமா? கோட்டக்குப்பம் கேள்வியில், “சி ஃபார்ம் வாங்க வேண்டுமா?” என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார். தம்பி என்னைப் பார்த்தார், நான் சொன்னேனே என்பதுபோல. நியாயம்தான், அதற்கு 4 மார்க். 2பி கேள்விக்கு பூஜ்யம். அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முத்தியால்பேட்டைக்கு 10. ஆனால் கிரெடிட் நோட்டுக்கு 12. “இது பழைய பில்லை ரத்து செய்வது, அதனால் பழைய பில்லின் வரி” என்று ஒரே வரி. வங்கிக் கணக்குக்கும் 12. மொத்தம் 38.

முதல் இடத்தில் எல்லோரும் எதிர்பார்த்த பையன், இடைவெளியே இல்லாத ஆறு வருஷ அனுபவம். பழைய தாளில் நேர்முகத்துக்கு முன்பே 85. அவருக்கு இங்கே 41. பில், ஈ-வே பில், 2பி எல்லாம் சரி. கிரெடிட் நோட்டை 5 சதவீதத்தில் போட்டார். மென்பொருள் இன்றைக்குக் காட்டுகிற வரி அதுதான். வங்கிக் கணக்கில் 5 மார்க்தான். மற்ற ஐந்து பேரும் முப்பதைத் தாண்டவில்லை.

41, 38. இங்கேயே முடிவு செய்திருக்கலாம். ஆனால் இடைவெளி உள்ளவரிடம் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, இன்றைக்கு என்ன தெரியாது என்பது மட்டுமில்லை. அது எவ்வளவு நாளில் தீரும் என்பதும்தான். புது வரி முறையைப் படித்துவிடலாம். ஒரு பில் எதற்காக இருக்கிறது என்ற புரிதலை ஒரு வாரத்தில் ஊட்ட முடியாது. இரண்டு பேரிடமும் விடைகளைத் திருத்திக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து அதே மாதிரி வேறு ஐந்து கேள்வி வைத்தோம். அவருக்கும் 500, இவருக்கும் 500.

பெண் 54. பையன் 43. பெண்ணின் மொத்தம், அனுபவம் 16, நேர்முகம் 15 சேர்த்து 85. பையனுக்கு 12, 16 சேர்த்து 71.

நேர்முகத்தில் ஓர் இடத்தில் நான் தம்பியின் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. “இன்னொரு குழந்தை...” என்று ஆரம்பித்தார். நிறுத்தச் சொன்னேன். பையனிடம் கேட்காத கேள்வி அது. அவருக்குத் தெரிய வேண்டியது மார்ச் முடிவில் கணக்கு முடிக்க ஆள் இருக்குமா என்பது. அதை ஏழு பேரிடமும் கேட்டோம்: “மார்ச், ஏப்ரலில் சாயந்தரம் ஏழு மணி வரை இருக்க வேண்டி வரும், முடியுமா?” பெண் சொன்னார், மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஏழு வருஷம் பார்த்துக்கொண்டாராம், போன வருஷம் அவர் தவறிவிட்டார். இப்போது முடியும். காரணத்தை நாங்கள் கேட்கவில்லை, அவராகச் சொன்னது.

ஏழு பேரில் ஒருவரின் தேதிகள் இடித்தன. ஒரு கம்பெனியில் மார்ச் வரை இருந்ததாக விண்ணப்பம், பி.எஃப். கணக்கில் அதற்கு 11 மாதம் முன்பே விலகல். இதை வைத்து உடனே பொய்யன் என்று எழுதிவிடக் கூடாது. விலகல் தேதியைத் தப்பாகப் பதிகிற முதலாளிகள் நிறைய. கேட்டோம். முந்தைய மேலாளர் என்று ஒரு நம்பர் கொடுத்தார். எடுத்துப் பேசியவருக்கு அந்தக் கம்பெனி எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியவில்லை. பணம் புழங்கும் வேலைக்கு அவரை எடுக்கவில்லை. 11 மாதம் சும்மா இருந்ததற்காக இல்லை. ஆனால், இடைவெளியைச் சொன்னால் 65 மார்க் போகும் என்கிற தாளைக் கொடுத்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்றும் எனக்குத் தோன்றாமல் இல்லை.

விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். பிரிட்டனில் 9,022 விண்ணப்பங்களை நிஜ நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வேலைகளைத் தேதியிட்டு எழுதாமல் “8 வருஷம்” என்று எண்ணிக்கையாக எழுதியபோது, இடைவெளி தெரிகிற விண்ணப்பத்தைவிட சுமார் 15 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. இடைவெளியே இல்லாத, தேதி போட்ட விண்ணப்பத்தைவிடக்கூட 8 சதவீதம் அதிகம். அனுபவம் கண்ணில் முதலில் படுகிறது, அவ்வளவுதான். தேதி கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் முடிந்து ஆர்டர் அடிக்கும்போது தம்பி சம்பளத்தில் பையனுக்கு வைத்திருந்ததைவிட மூவாயிரம் குறைத்துச் சொன்னார். “ரொம்ப நாள் கேப் இல்லையா சார், ஒத்துக்குவாங்க.” நான் மார்க் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். 85-ஐயும் 71-ஐயும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்ப்யூட்டரில் அந்த எண்ணை அழித்துவிட்டு, பழைய எண்ணையே அடித்தார்.